கரன்ட் போனால் சோலாரும் ஏன் நிற்கிறது? ஒரு வேலைக் கடிதம் உருவான விதம்

போன மாதம் ஈரோட்டிலிருந்து அப்பா, அம்மா, மகள் என்று மூன்று பேர் என்னிடம் படிப்பு, வேலை பற்றி ஆலோசனை கேட்டு வந்திருந்தார்கள். மகள் மின்னியல் பொறியியல் முடித்து ஒரு வருடம் ஆகிறது, இன்னும் வேலை அமையவில்லை. அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க வைக்கலாம் என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார். அவருடைய மகன் போன வழி அது. வீட்டை அடமானம் வைத்து 35 லட்சம் கடன் வாங்க அப்பா கிட்டத்தட்ட முடிவே செய்துவிட்டார். "பயமா இருக்குங்க, ஆனா சொந்தக்காரங்க முன்னாடி பிள்ளை சும்மா இருக்கக் கூடாதில்ல" என்றார்.

ஆறுதல் சொல்லித்தான் பேச்சை ஆரம்பித்தேன். கடன் தொகையைக் கேட்டதும் அதை நிறுத்திவிட்டுக் காகிதத்தை எடுத்தேன். 35 லட்சம், 10 சதவீத வட்டி, 10 வருடத் தவணை என்று வைத்தால் மாதம் சுமார் 46,000 ரூபாய் கட்ட வேண்டும். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டியைச் சேர்த்தால் இன்னும் கூடும். அங்கே வேலை கிடைக்காமல் பிள்ளை திரும்பி வந்தால், அந்தத் தவணையைக் கட்டப்போவது துணிக்கடையில் கணக்கு எழுதும் அப்பாவின் சம்பளம். பெரியப்பா அதில் ஒரு ரூபாய்கூடக் கட்டப்போவதில்லை. வேண்டாம் என்று அழுத்தமாகவே சொன்னேன்.

அப்புறம் மகளிடம், "இந்த ஒரு வருடத்தில் யாரும் சொல்லாமல் நீயாக என்னம்மா செய்தாய்?" என்று கேட்டேன். யோசித்துவிட்டுக் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். அவர்கள் வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார் இருக்கிறது. 78,000 ரூபாய் மத்திய அரசு மானியம் வந்த பிறகு தெருவில் நாலைந்து வீடுகளில் போட்டிருக்கிறார்கள். வெயில் கொளுத்தும்போது கரன்ட் போனால் சோலாரும் சேர்ந்து நின்றுவிடுகிறது, ஏமாற்றிவிட்டார்கள் என்று எல்லோருக்கும் கோபம். இவள் இன்வெர்ட்டரோடு வந்த கையேட்டைப் படித்து, காரணத்தைத் தமிழில் அரைப் பக்கம் எழுதி இன்வெர்ட்டர் பக்கத்துச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறாள். பக்கத்து வீடுகளிலும் அதை நகலெடுத்து ஒட்டியிருக்கிறார்களாம்.

டெக்னிக்கல் ரைட்டர் என்று ஒரு வேலை இருப்பதே அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒரு கருவியையோ மென்பொருளையோ வாங்கியவர் அதைப் பொருத்தவும் இயக்கவும், கோளாறு வந்தால் சமாளிக்கவும் வேண்டியதை எழுதித் தருவதுதான் அந்த வேலை. சென்னையிலும் பெங்களூருவிலும் மென்பொருள் நிறுவனங்கள், மருத்துவக் கருவி நிறுவனங்கள், மின் கருவி நிறுவனங்கள் எல்லாம் இதற்கு ஆள் எடுக்கின்றன. நிரலாளர் வேலைகளோடு ஒப்பிட்டால் இடங்கள் குறைவு, பாதி விளம்பரங்களில் அனுபவம் கேட்பார்கள். அதையும் மறைக்காமல் சொன்னேன். அனுபவம் இல்லாதவர் கையில் காட்டுவதற்கு ஒன்றுதான் உண்டு, விண்ணப்பத்தோடு போகும் கடிதம். எழுத்து வேலைக்கு வரும் கடிதத்தை எழுத்தாகவே மதிப்பிடுவார்கள்.

மகள் எழுதிக்கொண்டு வந்த முதல் கடிதத்தில், தனக்கு நல்ல தகவல்தொடர்புத் திறன் உண்டு, குழுவோடு சேர்ந்து வேலை செய்வேன், கடின உழைப்பாளி என்றெல்லாம் இருந்தது. இதே வரிகளை விற்பனை வேலைக்கும் அனுப்பலாம், வங்கி வேலைக்கும் அனுப்பலாம். 'தெளிவாக எழுதுவேன்' என்ற வாக்கியத்தை அடித்துவிட்டு, அந்த இடத்தில் சோலார் விஷயத்தையே விளக்கச் சொன்னேன்.

இரண்டாம் வரைவு எதிர்ப்பக்கம் சாய்ந்தது. ஐலேண்டிங், ஃபேஸ் லாக், டோட்டல் ஹார்மோனிக் டிஸ்டார்ஷன் என்று கல்லூரித் தேர்வுத்தாள் மாதிரி இருந்தது. பரீட்சை எழுதிய கை இப்படித்தான் போகும், தெரிந்ததையெல்லாம் கொட்டும். "இதைப் படிப்பது உன் பேராசிரியர் இல்லை. காலை 11 மணிக்குக் கரன்ட் போய், மாடிப்படியில் நிற்கும் ஒரு அம்மா. அவருக்கு எது தெரிந்தால் போதும்?" என்று கேட்டேன்.

மூன்றாம் வரைவில்தான் விஷயம் வந்தது. கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது, அந்தப் பகுதியைத் தமிழில் தருகிறேன்:

"எங்கள் வீட்டுச் சோலார், தெருவில் கரன்ட் போனால் தானும் நின்றுவிடும். இது பழுது அல்ல. சோலார் பலகையில் வரும் மின்சாரம் ஒரே திசையில் ஓடும். வீட்டு மின்சாரமோ வினாடிக்கு 50 முறை திசை மாறும். இன்வெர்ட்டர் ஒன்றை மற்றொன்றாக மாற்றி, தெருக்கம்பியில் வரும் மின்சாரத்தோடு தாளம் பிசகாமல் சேர்க்கிறது. கம்பியில் மின்சாரம் இல்லை என்று தெரிந்ததும் அது விலகிக்கொள்ளும். விலகாவிட்டால் நம் மாடியில் உண்டாகும் மின்சாரம் தெருக்கம்பிக்குப் போகும். கரன்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவர் அதைத் தொட நேரும். கரன்ட் வந்ததும் இன்வெர்ட்டர் சிறிது நேரம் கவனித்துவிட்டு மறுபடி இயங்கும்."

படிக்க நன்றாக இருக்கிறது, இல்லையா? இதில் மூன்று கோளாறுகள் இருந்தன.

முதலாவது, அந்த 50. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றில் ஒரு முறை போய் ஒரு முறை திரும்புவதால், திசை மாறுவது 100 முறை. எளிமையாக்கப் போய்ப் பிழையாகிவிட்டது. கடிதத்தைப் படிப்பவர்களில் ஒருவர் பொறியாளராக இருப்பார், அந்த ஒரு வரியிலேயே அவர் கடிதத்தைக் கீழே வைத்துவிடுவார். "வினாடிக்கு 50 முறை போய்வரும்" என்று மாற்றினாள். சொல்லும் எளிது, கணக்கும் சரி. இப்படி எளிமையாக்கிய ஒவ்வொரு வரியையும் மூலக் கையேட்டோடு வைத்துப் பார்க்க வேண்டும். விவரத்தை விட்டுவிடலாம், ஆனால் விட்ட பிறகு மிஞ்சும் வரி உண்மையாகவே இருக்க வேண்டும்.

இரண்டாவது, எல்லை சொல்லவில்லை. பேட்டரியோடு வரும் ஹைபிரிட் இன்வெர்ட்டர்கள் உண்டு. கரன்ட் போனால் அவை தெருக்கம்பியின் தொடர்பைத் துண்டித்துக்கொண்டு, தனியாக இணைத்த சில விளக்குகளையும் விசிறிகளையும் ஓட்டும். அந்த வகை வைத்திருப்பவருக்கு இவள் எழுதியது தவறான தகவல். "பேட்டரி இல்லாத, தெருக்கம்பியோடு இணைந்த வகைக்கு மட்டும்" என்று தொடக்கத்தில் ஒரு வரி சேர்த்ததும் சரியாகிவிட்டது.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. இன்வெர்ட்டர் நின்றுவிட்டது என்றால் எல்லாமே நின்றுவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். வெயில் இருக்கும்வரை பலகையிலிருந்து இறங்கும் ஒயரில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்னழுத்தம் இருந்துகொண்டேதான் இருக்கும். இவள் எழுதியதைப் படித்து நிம்மதியான ஒருவர் அந்த ஒயரைக் கழற்றிப் பார்த்தால்? எச்சரிக்கையை வேலைக்குப் பின்னால் எழுதக் கூடாது, கை நீளும் முன்பே கண்ணில் படும்படி எழுத வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அடிப்படை விதி. அதனால் "இது பழுது அல்ல" என்ற வரியை ஒட்டியே, "இன்வெர்ட்டரைத் திறக்க வேண்டாம், மாடியிலிருந்து வரும் ஒயரைத் தொட வேண்டாம். கரன்ட் இல்லாதபோதும் அதில் மின்சாரம் இருக்கும்" என்று வைத்தோம்.

திருத்தியதைத் தமிழில் எழுதி, எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். "புரிஞ்சுதா?" என்று கேட்கக் கூடாது, எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். "இப்போ கரன்ட் போயிட்டு வந்துச்சுன்னா என்ன செய்வீங்க?" என்றுதான் கேட்க வேண்டும். அந்த அக்கா, "ஸ்விட்சை அமத்திட்டு மறுபடி போடணும்" என்றாராம். "மறுபடி இயங்கும்" என்பதை அவர் தனக்கான கட்டளையாக எடுத்துக்கொண்டிருக்கிறார். "இன்வெர்ட்டர் தானாகவே இயங்கத் தொடங்கும். நீங்கள் எதையும் செய்ய வேண்டாம்" என்று மாற்றிய பிறகு, வேறொருவர் சரியாகச் சொன்னார்.

இந்தச் சம்பவத்தையும் கடிதத்திலேயே மூன்று வரிகளில் எழுதச் சொன்னேன். யாருக்காக எழுதினேன், எதை வேண்டுமென்றே விட்டேன், யாரிடம் கொடுத்துப் பார்த்ததில் எந்தச் சொல் தடுக்கியது என்ற மூன்றும் அதில் வந்துவிட்டன. கரன்ட் போனதை இன்வெர்ட்டர் 2 வினாடிக்குள் கண்டுபிடிக்க வேண்டும் என்று தரவிதி இருப்பது அவளுக்குத் தெரியும். வீட்டுக்காரருக்கு அது தேவையில்லை என்பதால் விட்டதாக எழுதினாள். தெரியாமல் விட்டதற்கும் தெரிந்தே விட்டதற்கும் உள்ள வித்தியாசத்தை ஆள் எடுப்பவர் பார்ப்பது அந்த வரியில்தான்.

கடைசியாக நின்ற கடிதம் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது. எந்த வேலைக்கு என்று ஒரு வரி, அடுத்து சோலார் விளக்கம், அதன் கீழே அந்த மூன்று வரி, அப்புறம் சுவரில் ஒட்டிய தாளின் படமும் இன்னொரு மாதிரி எழுத்தும் இணைப்பாக. நிறுவனத்தின் சொந்தப் பொருளையே எடுத்து அவர்களுக்கு விளக்கலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். வெளியிலிருந்து பார்த்து எழுதினால் தவறு வரும், அந்தத் தவறைக் கண்டுபிடிக்க அவர்களைவிடப் பொருத்தமானவர் இல்லை. மின் கருவி நிறுவனம் என்றால் சோலார் போதும். மென்பொருள் நிறுவனம் என்றால், யு.பி.ஐ.யில் பணம் பிடித்தும் எதிராளிக்குப் போகாவிட்டால் என்ன செய்வது என்று அதே முறையில் எழுதிக்கொள்ளலாம்.

"இவளுக்கு இங்கிலீஷ் சரளமா வராதே" என்றார் அம்மா. சரி, நியாயமான கவலைதான். ஆனால் இங்கே அலங்கார ஆங்கிலத்துக்கு வேலை இல்லை. விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கென்று எஸ்.டி.இ. என்ற எளிய ஆங்கில விதிமுறையே இருக்கிறது. செய்முறை வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக் கூடாது, ஒரு வாக்கியத்தில் ஒரு கட்டளைதான், ஒரு சொல்லுக்கு ஒரே பொருள்தான் என்கிறது அது. இலக்கணப் பிழை இல்லாமல் சின்னச் சின்ன வாக்கியம் எழுத இவளுக்கு வருகிறது, வேண்டியது அவ்வளவுதான்.

செலவு விஷயத்தில் அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன். இந்த வேலைக்கென்று ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்கும் சான்றிதழ் வகுப்புகள் இருக்கின்றன, இப்போது ஒன்றிலும் சேர்க்க வேண்டாம். கூகுள் தன் பொறியாளர்களுக்காக உருவாக்கிய டெக்னிக்கல் ரைட்டிங் பாடங்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. ஆறு மாதம் அவகாசம் கொடுங்கள். அதற்குள் இப்படி நான்கு மாதிரி எழுத்துகளும், ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியாக எழுதிய கடிதங்களும் போக வேண்டும். அதுவரை வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

பெரியப்பாவிடம் என்ன சொல்வது என்று அப்பா கேட்டார். அந்தச் சுவரில் இருக்கும் தாளைக் காட்டி, அவர் வீட்டுக்கும் சோலார் போடும்போது ஒரு நகல் தருவதாகச் சொல்லுங்கள் என்றேன். மகள் ஏற்கெனவே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, யு.பி.ஐ. பற்றி எழுதும்போது கடைக்காரருக்காக எழுதுவதா வாடிக்கையாளருக்காக எழுதுவதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.