கார்ப்பஸ், கட்டிட நிதி, பொது வருமானம்: கணக்குப் புத்தகத்தில் எது எங்கே?

(பிரிவு எண்களும் ஃபார்ம் எண்களும் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி.)

நூலக அறக்கட்டளைச் செயலாளர்: "கட்டிட நிதிக்கு 10 லட்சம் வந்தது. வருமானமாகக் காட்ட வேண்டாமே?"

கொடுத்தவர்கள் என்ன எழுதிக் கொடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். பொது நன்கொடை 6 லட்சம், செலவு 5,20,000 என்கிறீர்கள். வரிவிலக்கு நிற்க 6 லட்சத்தில் செலவழித்தாக வேண்டிய 85 சதவீதம் 5,10,000. அதைத் தாண்டிச் செலவழித்துவிட்டீர்கள், தொல்லை இல்லை.

அந்த 10 லட்சத்தை கார்ப்பஸ், அதாவது நிரந்தர மூலநிதி, என்று வருமான வரி அதிகாரி ஏற்கவில்லை என்றால் வருமானம் 16 லட்சம். 85 சதவீதம் 13,60,000. செலவு அதே 5,20,000தான். 8,40,000 துண்டு விழுகிறது. ஒரே பணம்தான்; மாறுவது காகிதம்.

11(1)(டி) கேட்பது நன்கொடையாளரின் குறிப்பான அறிவுறுத்தல். அது அவரிடமிருந்து வர வேண்டும், பணத்தோடு வர வேண்டும். நிர்வாகக் குழு மார்ச் கடைசியில் தீர்மானம் போட்டு மாற்ற முடியாது. நான் கணக்கு எழுதிய ஓர் அறக்கட்டளையில் 14 கடிதங்கள் இருந்தன. எல்லாம் மார்ச் 31 தேதியிட்டவை, ஒரே நீல மை, ஒரே கையெழுத்து. பணமோ ஜூனிலிருந்து வந்திருக்கிறது. விசாரணையில் அதிகாரி பேசவே இல்லை. கடிதங்களை விசிறி மாதிரி மேசையில் விரித்து வைத்தார், அவ்வளவுதான்.

2021-22 நிதியாண்டிலிருந்து இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. கார்ப்பஸ் பணத்தை 11(5)இல் சொன்ன இடத்தில், கார்ப்பஸுக்கென்றே தனியாக வைத்திருக்க வேண்டும். தனி வங்கிக் கணக்கு, தனி எஃப்.டி. வைத்துக்கொள்ளுங்கள். சீட்டு கம்பெனி வேண்டாம்.

ஆரம்பப் பள்ளி நடத்துபவர்: "ஃபார்ம் 10 போட்டால் போதுமே, கார்ப்பஸ் எதற்கு?"

பாதி சரி. செலவழிக்காத பணத்தைப் பின்னால் செலவழிப்பதாக ஒதுக்கும் ஃபார்ம் 10, நூலகத்தின் அந்த 8,40,000ஐக் காப்பாற்றும். ஆனால் சொன்ன நோக்கத்துக்கு ஐந்து ஆண்டுக்குள் செலவழிக்க வேண்டும், இல்லையேல் அது வருமானமாகத் திரும்பி வரும். கார்ப்பஸுக்கு அப்படிக் கெடு இல்லை.

ஓய்வுபெற்ற ஆடிட்டர்: "கட்டிட நிதி என்று ரசீதில் இருந்தாலே அது மூலதனம்தான். தீர்ப்பாயங்கள் ஏற்றிருக்கின்றன. ஏன் பயமுறுத்துகிறீர்கள்?"

ஏற்ற தீர்ப்புகள் உண்டு, ஐயா. அதற்காக வழக்காடி ஜெயிக்கும்படி ரசீது அடிக்க வேண்டுமா? "கட்டிடத்துக்காக, கார்ப்பஸின் பகுதியாக" என்று இரண்டையும் எழுதி வாங்கினால் கேள்வியே எழாது.

அதே ஆடிட்டர்: "கட்டி முடித்ததும் கார்ப்பஸ் தீர்ந்துபோகிறதே, அப்புறம் என்ன கார்ப்பஸ்?"

தீரவில்லை. பணம் கட்டிடமாகிவிட்டது, நிதி பொறுப்புப் பக்கத்தில் அப்படியே நிற்கிறது. எல்லோரும் தடுமாறும் இடம் அடுத்தது. கட்டிடம் 14 லட்சம் ஆனது, 10 லட்சம் கார்ப்பஸ், 4 லட்சம் பொது வருமானம் என்று வையுங்கள். 85 சதவீதக் கணக்கில் சேர்வது அந்த 4 லட்சம் மட்டும். கார்ப்பஸில் கொடுத்த 10 லட்சத்தை மறுபடி செலவாகக் காட்ட முடியாது. செலவாகக் காட்டிவிட்ட 4 லட்சத்துக்குத் தேய்மானமும் கேட்க முடியாது.

ஆடிட்டர்: "பழைய நாளில் அப்படி இல்லை."

உண்மைதான். இப்போது இப்படி.

முதியோர் இல்லக் காசாளர்: "சம்பளத்துக்குப் பணம் இல்லாமல் கார்ப்பஸ் எஃப்.டி.யை உடைத்து ஒன்றரை லட்சம் எடுத்தோம். தப்பா?"

அந்த ஒன்றரை லட்சம் இந்த ஆண்டுச் செலவாக எண்ணப்படாது. அடுத்து வரும் ஏதாவது ஓர் ஆண்டின் வருமானத்திலிருந்து கார்ப்பஸில் திருப்பி வைத்தால், வைக்கிற ஆண்டில் எண்ணப்படும். ஐந்து ஆண்டுக்குள் வையுங்கள். எடுத்த தேதியும் வைத்த தேதியும் லெட்ஜரில் தெரியட்டும்.

ஒருவர்: "கார்ப்பஸ் எஃப்.டி. வட்டியும் கார்ப்பஸ்தானே?"

இல்லை, பொது வருமானம்.

இன்னொருவர்: "வட்டி எங்கே காட்ட வேண்டும்?"

மேலே பாருங்கள்.

ஆடிட்டர்: "வட்டியையும் சேர்க்கச் சொல்லி நன்கொடையாளரே எழுதியிருந்தால்?"

இதில் நீங்களும் நானும் ஒத்துப்போக மாட்டோம். நான் வருமானமாகவே காட்டுவேன்.

கோயில் குழு உறுப்பினர்: "உண்டியல் பணத்தைக் கட்டிடக் கார்ப்பஸில் போடலாமா?"

கொடுத்தவர் யாரென்று தெரியாதபோது அறிவுறுத்தல் எப்படி வரும்? பொது வருமானத்தில் எடுத்து, அதிலிருந்து கட்டுங்கள். கியூ.ஆர். ஸ்கேனில் வரும் பணத்துக்கும் இதே கதிதான், அனுப்பியவரைக் கண்டுபிடித்து அன்றைக்கே எழுதி வாங்காவிட்டால்.

டேலி எழுதுபவர்: "லெட்ஜர் எந்தக் குரூப்பில்?"

Capital Account. Indirect Incomes-இல் போட்டுவிட்டு ஆண்டுக் கடைசியில் ஜர்னல் போட்டு மாற்றாதீர்கள். பெயர், முகவரி, பான் எண், அறிவுறுத்தல் கடிதத்தின் எண் எல்லாம் பணம் வந்த நாளிலேயே நேரேஷனில் ஏறட்டும். வருமான வரித் துறைக்குத் தரும் நன்கொடைப் பட்டியலான 10பிடியைத் தாக்கல் செய்யும்போது நன்கொடை வகையில் கார்ப்பஸ் என்று தேர்வு செய்யுங்கள். அங்கே "மற்றவை" என்றும் இருப்புநிலைக் குறிப்பில் கார்ப்பஸ் என்றும் இருந்தால் அதிகாரிக்குத் தேடும் வேலை மிச்சம்.

மற்றொருவர்: "சார், வட்டி..."

பொது வருமானம்.