பழைய 800-ஆ, புதிய டர்போவா?

கேள்வி: 1997 மாடல் கார்பரேட்டர் மாருதி 800 வைத்திருக்கிறேன். வருஷத்துக்கு 4,000 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். "இதுக்குத் தண்டம் அழுவதை நிறுத்துங்கப்பா" என்று சொல்லி, 12 லட்சத்தில் டர்போ, கேமரா, ரேடார் எல்லாம் உள்ள காரைப் பார்த்து வைத்திருக்கிறான் மகன். உண்மையிலேயே எதை வைத்திருந்தால் செலவு குறைவு? – ஓய்வுபெற்ற ஆசிரியர், தூத்துக்குடி.

பதில்: உங்கள் 800-தான். மகன் மெக்கானிக் பில்லை மட்டும் பார்க்கிறார். பில்லே வராமல் கரையும் பணத்தை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால் உங்களுக்கு வருஷத்துக்கு 267 லிட்டர் பெட்ரோல் வேண்டும். புதிய கார் 18 கொடுத்தால் 222 லிட்டர். பெட்ரோல் நூறு ரூபாய் என்று வைத்தால், புதிய கார் மிச்சம் பிடிப்பது 4,500 ரூபாய். ரிப்பேருக்குத் தாராளமாக 25,000 ஒதுக்குங்கள். மூன்றாம் நபர் காப்பீடு வரியோடு 2,500-க்குள் முடியும். 20 வருஷம் தாண்டிய காரின் ஆர்.சி. புதுப்பிக்க இப்போது 10,000 ரூபாய். ஐந்து வருஷத்துக்குப் பிரித்தால் வருஷத்துக்கு 2,000, பசுமை வரி தனி. மொத்தத்தில் 60,000-க்குள் அடங்கும்.

புதிய காரின் மதிப்பைக் காப்பீட்டு நிறுவனங்கள் ஐந்தாவது வருஷ முடிவில் பாதியாகக் கணக்கிடுகின்றன. 12 லட்சத்தில் ஆறு லட்சம் போனால் வருஷத்துக்கு 1,20,000. வண்டி ஷெட்டிலேயே நின்றாலும் இது போகும். பெட்ரோல், சர்வீஸ், முழுக் காப்பீடு எல்லாம் இதற்கு மேல்.

எலெக்ட்ரானிக்ஸ் அடிக்கடி பழுதாகும் என்ற பயம் வேண்டாம். கார்பரேட்டரைவிட, பெட்ரோலை எலெக்ட்ரானிக் முறையில் அளந்து தெளிக்கும் இன்ஜெக்‌ஷன் நம்பகமானது. செலவு ஏறுவது சின்ன மோதலில்தான். உங்கள் 800-இல் ஹெட்லைட் அணைந்தால் பல்பைக் கழற்றி வேறு போடலாம். சீல் செய்த எல்.இ.டி. லைட் என்றால் பெரும்பாலும் செட்டையே மாற்றச் சொல்வார்கள். முன் கண்ணாடியில் கேமரா இருந்தால், கண்ணாடி மாற்றிய பிறகு கேமரா நேராகப் பார்க்கிறதா என்று கருவி வைத்துச் சரிசெய்தாக வேண்டும். பம்பருக்குள் ரேடார் இருந்தால் அதற்கும் இதே வேலை உண்டு. தெருமுனை மெக்கானிக்கிடம் இது நடக்காது.

அதற்காக 800-ஐ அப்படியே விட்டுவிடாதீர்கள். இன்று பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். உங்கள் வண்டியின் ரப்பர்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஊறி உப்பும், பிறகு விரிசல் விடும். பத்து நாள் நின்ற பிறகு ஸ்டார்ட் ஆக அடம்பிடித்து, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஒரு கணம் மூச்சடைத்துப் பிறகு ஓடினால், கார்பரேட்டர் பம்பின் ரப்பர் சவ்வான டயாஃப்ரத்தை முதலில் சந்தேகப்படுங்கள். நிற்கும்போதே பெட்ரோல் வாடை அடித்தால், கார்பரேட்டருக்குள் பெட்ரோல் வருவதை அடைக்கும் நீடில் வால்வு மூடாமல் வழிகிறது, அல்லது ஹோஸில் விரிசல் விட்டிருக்கிறது. அந்த வண்டியை ஓட்டாதீர்கள், தீப்பிடிக்கும். டேங்கிலிருந்து கார்பரேட்டர் வரை எல்லா ஹோஸையும் எத்தனால் தாங்கும் ரகத்தில் மாற்றி, பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம், ஃபில்டர், கார்பரேட்டர் ரிப்பேர் கிட் மூன்றையும் ஒரே நாளில் போட்டுவிடுங்கள். ஒவ்வொன்றாக மாற்றினால் கூலிதான் பெருகும். வாரம் ஒருமுறை இன்ஜின் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டுங்கள்.

இன்ஜினைவிட எனக்குக் கவலை உங்கள் ஊர் உப்புக்காற்று. கால்மிதியடிகளை எடுத்துவிட்டு, தரைத் தகட்டின் ஓரங்களில் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது. மந்தமாகக் கேட்டாலோ, நுனியால் அழுத்தும்போது உள்ளே போனாலோ துரு தின்றிருக்கிறது. பானெட்டைத் திறந்து, முன் சஸ்பென்ஷன் மேலே போல்ட் ஆகும் இடத்தையும் பாருங்கள். தரையில் ஓட்டை என்றால் பேட்ச் வெல்டிங் போதும். சஸ்பென்ஷன் பிடிக்கும் தகடு உதிர்ந்தால் செலவு செய்யாதீர்கள், வண்டியைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடுங்கள்.

ஒன்றில் மட்டும் மகன் பக்கம் நியாயம் இருக்கிறது. 800-இல் ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை. பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மதுரை நான்குவழிச் சாலையில் அதில் போகாதீர்கள். அந்தப் பயணத்துக்கு வாடகை வண்டி எடுங்கள். அவர் வாங்கியே தீருவேன் என்றால், ஆறு ஏர்பேக் உள்ள, டர்போ இல்லாத, கையால் கியர் போடும் அடிப்படை வேரியன்ட்டாக வாங்கச் சொல்லுங்கள்.