பதிவு செய்த பிரசங்கத்தைத் தாமே கேட்டுத் திருத்திக்கொள்வது எப்படி?

கேள்வி: ஐயா, கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய சபையில் மாதத்தில் இரண்டு ஞாயிறு நான் பிரசங்கம் செய்கிறேன். மகன் செல்போனில் பதிவு செய்து தருகிறான். போட்டுக் கேட்டால் என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, பாதியில் நிறுத்திவிடுகிறேன். தெளிவாகப் பேசினேனா, வேகம் சரியா, வேதப்பகுதியை விட்டு விலகாமல் இருந்தேனா என்று பார்க்க எளிய முறை ஒன்று சொல்லுங்கள். எரேமியா 29:11 பிரசங்கத்தின் பதிவை அனுப்பியிருக்கிறேன்.

பதில்: பேசும்போது நம் குரல் காற்றின் வழியாக மட்டுமல்லாமல் மண்டையெலும்பின் அதிர்வாகவும் நம் காதுக்கு வருவதால் சற்றுக் கனமாகக் கேட்கிறது; பதிவில் அந்தக் கனம் இருப்பதில்லை. சபையார் எப்போதும் கேட்டுக்கொண்டிருப்பது பதிவில் உள்ள அந்தக் குரலைத்தான் என்பதால் அதைப்பற்றிய கவலையை விட்டுவிடலாம். ஞாயிறு மாலையே கேட்காமல் புதன் அல்லது வியாழன்வரை பொறுத்திருங்கள். அதற்குள் நீங்கள் சொல்ல நினைத்தது சற்று மறந்துபோய், உண்மையில் சொன்னது மட்டும் காதில் விழும். குறிப்புத்தாளை மூடிவைத்துவிட்டு, வேதாகமத்தை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, வேகத்தைக் கூட்டாமல் கேளுங்கள்.

முதலில் வேதப்பகுதிக்கு உண்மையாக இருந்தீர்களா என்பதைப் பாருங்கள், ஏனென்றால் அது பிழைத்தால் மற்ற இரண்டும் நன்றாக இருந்து பயனில்லை. ஒரு தாளில் நிமிடக் கணக்கை இடப்பக்கம் எழுதி, ஒவ்வொரு நிமிடமும் நீங்கள் செய்துகொண்டிருந்ததை ஒரு சொல்லில் குறியுங்கள்: வசனம், விளக்கம், கதை, நடைமுறை, சுற்றிவளைப்பு. உங்கள் பதிவை இப்படிக் குறித்தபோது, 38 நிமிடத்தில் வசனத்துக்கும் அதன் விளக்கத்துக்கும் சேர்த்து 7 நிமிடமே வந்தது. அந்த 7 நிமிடமும் 11-ஆம் வசனத்தைப் பற்றியது மட்டுமே. அதற்கு முந்தைய வசனங்களை நீங்கள் வாசிக்கவே இல்லை. பரீட்சை எழுதுகிற பிள்ளைக்கும் ஓசூரில் வேலை தேடுகிற வாலிபனுக்கும் இந்த ஆண்டே நன்மை வரும் என்று பிரசங்கம் போய்ச் சேர்ந்ததற்கு அதுதான் காரணம்.

அந்த அதிகாரம் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா அனுப்பிய கடிதம். இரண்டு வருஷத்துக்குள் எல்லாம் திரும்பிவிடும் என்று கள்ளத் தீர்க்கதரிசி அனனியா சொன்னது 28-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதற்கு மாறாக, எழுபது வருஷம் நிறைவேறிய பின்பே திரும்புதல் என்று 29:10 சொல்கிறது. ஆகவே 11-ஆம் வசனத்தின் வாக்கை முதலில் கேட்டவர்களில் பலர் அதன் நிறைவேறுதலைக் கண்ணால் பார்த்திருக்க முடியாது. அதனால்தான் வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள் என்று 5-ஆம் வசனம் அவர்களுக்குச் சொல்கிறது. மாங்கன்று நட்டுப் பலனுக்குக் காத்திருக்கும் உங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த வசனத்தை வாசித்தாலே போதும். தோட்டம் போடச் சொல்கிறவர் சீக்கிரம் ஊர் திரும்பலாம் என்று சொல்லவில்லை என்பது உடனே புரியும். சபைக்கு அந்தப் பகுதியைத் திறந்து காட்டும் வாய்ப்பு உங்கள் பதிவில் 9-ஆம் நிமிடத்தில் வந்தது. “இது ஒரு கடினமான காலத்தில் சொல்லப்பட்டது” என்ற ஒரே வாக்கியத்தோடு அதைக் கடந்துவிட்டீர்கள்.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு கேள்விகள் போதும். இந்த வசனம் முதலில் யாருக்கு, எந்த நிலையில் சொல்லப்பட்டது என்பதைப் பிரசங்கத்தை மட்டும் கேட்ட ஒருவரால் சொல்ல முடியுமா? “வேதம் சொல்லுகிறது”, “கர்த்தர் சொல்லுகிறார்” என்று நீங்கள் சொன்ன ஒவ்வொரு இடத்திலும் பதிவை நிறுத்தி, அதற்கான வசனத்தின் மேல் விரலை வைக்க முடிகிறதா? உங்கள் பதிவில் அப்படிப்பட்ட ஆறு இடங்களில் இரண்டுக்கு வசனம் கிடைக்கவில்லை. அவை உங்கள் சொந்த நம்பிக்கைகள். அவற்றைச் சொல்லக்கூடாது என்பதில்லை. ஆனால் “நான் நினைக்கிறேன்” என்று சொல்லியிருக்க வேண்டும்.

தெளிவைப் பொறுத்தவரை, செல்போனைப் பிரசங்க மேடையில் வைத்து எடுக்கும் பதிவு உங்களை ஏமாற்றும். வாயருகே எல்லாம் தெளிவாகவே இருக்கும். மகனைக் கடைசி வரிசையில், ஒலிபெருக்கிப் பெட்டிக்கு நேர் எதிராக இல்லாமல் உட்கார்ந்து பதிவு செய்யச் சொல்லுங்கள். தகரக் கூரையும் மின்விசிறியும் சேர்ந்து எதை விழுங்குகின்றன என்பது அங்கேதான் தெரியும். பெரும்பாலும் விழுங்கப்படுவது வாக்கியத்தின் கடைசிச் சொல். தமிழில் வினையும் மறுப்பும் கடைசியில் வருவதால் அந்த இழப்பு சிறியதல்ல. உங்கள் பதிவில் “கஷ்டம் வந்தால் தேவன் தண்டிக்கிறார் என்று நினைக்க வேண்டியதில்லை” என்ற வாக்கியத்தில் மூச்சு குறைந்து “நினைக்க வேண்டி” என்பதோடு குரல் அடங்கிவிட்டது. பின்வரிசைப் பாட்டி அதை எப்படிப் புரிந்துகொண்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். ஏதேனும் மூன்று நிமிடங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் மட்டும் எழுதிக்கொண்டே போங்கள். எழுத முடியாதவற்றுக்குக் கோடு போடுங்கள். கோடுகள் நீளமான வாக்கியங்களில் கூடியிருந்தால் அவற்றை இரண்டாக உடைக்க வேண்டும். எல்லா இடத்திலும் இருந்தால் மூச்சு எடுக்கும் இடத்தை மாற்ற வேண்டும்.

உங்கள் பகுதியில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்களும் சபையில் இருப்பார்கள் என்பதால் இன்னொன்றையும் கவனியுங்கள்: “சமாதானத்துக்கேதுவான” என்பது போன்ற பழைய மொழிபெயர்ப்புச் சொற்களை வாசித்தபின், பேச்சுத் தமிழில் ஒருமுறையாவது சொன்னீர்களா?

வேகத்துக்கு இத்தனை சொற்கள்தான் என்ற பொதுவான அளவு எனக்கு ஏற்புடையதல்ல; உங்களோடு உங்களையே ஒப்பிடுவது மேல். தொடக்கத்தில் ஒரு நிமிடம், முடிவில் ஒரு நிமிடம் எடுத்துச் சொற்களை எண்ணுங்கள். உங்கள் பதிவில் 6-ஆம் நிமிடத்தில் 85 சொற்கள்; 34-ஆம் நிமிடத்தில் 130. நேரமாகிவிட்டது என்று தெரிந்ததும் நடைமுறைப் பகுதி முழுவதையும் ஓட்டமாக முடித்திருக்கிறீர்கள். இதற்கு மருந்து மெதுவாகப் பேசப் பழகுவதல்ல. நிமிடத் தாளைப் பார்த்தால் முன்னுரையும் சாட்சியும் 11 நிமிடம் எடுத்திருப்பது தெரியும், குறைக்க வேண்டியது அங்கே. வேதப்பகுதியை அறிவித்த பிறகு நான்கு நொடியில் வாசிக்கத் தொடங்கியதும் பதிவில் கேட்கிறது. ஏசாயாவுக்கும் புலம்பலுக்கும் நடுவே எரேமியாவைத் தேடுகிறவர்களின் பக்கச் சலசலப்பு வசனத்தின் பாதிவரை ஓயவில்லை.

இவை எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் திருத்த முயன்றால் மேடையில் உங்களையே கவனித்துக்கொண்டு நிற்பீர்கள். அடுத்த பிரசங்கத்துக்கு, பகுதியை முழுவதும் வாசித்து விளக்குவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு அடுத்ததற்கு வாக்கிய முடிவுகள். சபையாரின் முகம் ஒலிப்பதிவில் இருக்காது; எந்த இடத்தில் கவனம் சிதறியது என்பதை அது சொல்லாது. அதற்கு, பின்வரிசையில் உட்காரும், உங்களைப் புகழ்ந்தே பழகாத ஒருவரிடம் “இன்று என்ன சொன்னேன்?” என்று திங்கட்கிழமை கேட்டு, அவர் சொல்லும் ஒரு வாக்கியத்தை நிமிடத் தாளின் மேலேயே எழுதி வையுங்கள். பதிவை வாட்ஸ்அப்பில் பகிர்வதாக இருந்தால், ஜெபத்தில் நோயாளிகளின் பெயரும் வியாதியும் சொல்லப்பட்ட கடைசிப் பகுதியை முதலில் வெட்டிவிடுங்கள்.