திருநெல்வேலியில் நாலு பிளாட், நான் கொழும்பில்: ஆள் வைப்பதா, நானே பார்ப்பதா?

கேள்வி: யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எங்களுக்கு நாலு பிளாட் இருக்கு. ஒவ்வொன்றுக்கும் மாதம் 40,000 ரூபாய் வாடகை, ஆறு மாதத்தை முற்பணமாக வாங்கிக் கழித்துக்கொள்வோம். இவ்வளவு நாளும் அப்பாதான் பார்த்தார், இப்ப 74 வயசு, மாடி ஏறக் கஷ்டப்படுகிறார். நான் வெள்ளவத்தையில் வேலை செய்கிறேன். ஊரில் ஒருவர் வாடகையில் 10 சதவீதம் தந்தால் எல்லாத்தையும் பார்த்துக்கொள்வாராம். கொடுக்கலாமா?

பதில்: அவர் கேட்கும் விதத்தில் கொடுக்க வேண்டாம். ஆனால் ஊரில் உங்களுக்கு ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். இந்த இரண்டுக்கும் இடையில்தான் உங்கள் பணம் நிற்பதும் போவதும் இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். மாதம் 1,60,000, வருடம் 19,20,000 ரூபாய் வாடகை. அதில் 10 சதவீதம் 1,92,000. நீங்களே பார்த்தால் என்ன செலவு? பம் வேலை செய்யவில்லை, ஒழுகுகிறது, ஒருவர் காலி செய்கிறார், அடுத்தவருக்கு வீட்டைக் காட்ட வேண்டும் என்று வருடத்துக்கு 30 தடவை யாராவது நேரில் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் ஒருவருக்குப் போய்வர 2,500 ரூபாய் கொடுத்தால் 75,000. நீங்கள் வருடம் நாலு தடவை கொழும்பிலிருந்து வந்து போக, தடவைக்கு 15,000 என்றால் 60,000. மொத்தம் 1,35,000. புதிதாக ஆள் பிடிக்கத் தரகருக்குக் கொடுக்கும் பணத்தை நான் இதில் சேர்க்கவில்லை, ஏனென்றால் தரகரைப் பிடித்தால் அந்தச் செலவு இரண்டு வழியிலும் வரும். அவர் அதைத் தன் 10 சதவீதத்துக்குள் செய்கிறாரா, தனியாக ஒரு மாத வாடகை கேட்பாரா என்பதை மட்டும் இப்போதே கேட்டு வையுங்கள்.

வித்தியாசம் 57,000 ரூபாய். ஒரு பிளாட் ஒன்றரை மாதம் வெறுமனே கிடந்தால் அதைவிடக் கூடப் போய்விடும். ஆகவே கட்டணம் கூடவா குறைவா என்று மட்டும் பார்த்து இதை முடிவெடுக்க முடியாது. வீடு எத்தனை மாதம் காலியாகக் கிடக்கிறது, திருத்த வேலைக்கு என்ன போகிறது, முற்பணம் யார் கையில் இருக்கிறது, இந்த மூன்றும்தான் முடிவைச் சொல்லும்.

முற்பணத்தைத்தான் முதலில் சொல்கிறேன், ஏனென்றால் எனக்குப் பயம் அதில்தான். வேறு ஊர்களில் இப்படி ஓர் ஆளை வைப்பது மாதாமாதம் வாடகை வசூலிக்கத்தான். உங்களுக்கு அந்த வேலையே இல்லை, ஆறு மாதப் பணம் முன்னமே வந்துவிடுகிறது. ஒரு பிளாட்டுக்கு 2,40,000, நாலுக்கும் 9,60,000 ரூபாய், அதுவும் வருடத்துக்கு இரண்டு தடவை. அவ்வளவும் ஒருவர் கைவழியாகப் போக, அவர் வசூலிக்காத வசூலுக்கு நீங்கள் சதவீதமும் கொடுப்பதில் நியாயம் இல்லை. வாடகை, முற்பணம் எல்லாம் குடியிருப்பவர்களின் கணக்கிலிருந்து நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். இதற்கு அவர் சம்மதிக்காவிட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

இதோடு சேர்ந்த இன்னொன்று கையெழுத்து. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால், 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி அது நொத்தாரிசு முன் எழுதப்பட்டிருக்க வேண்டும். வெறும் கடதாசியில் 'ஒரு வருடத்துக்கு' என்று எழுதி இரண்டு சாட்சி வைத்து வாங்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது, பிரச்சினை வரும்போது அந்த ஒரு வருடத்தை அதை வைத்து நிலைநாட்ட முடியாது. நீங்கள் ஊரில் இல்லாததால் உங்கள் சார்பில் நொத்தாரிசிடம் போக, 'அற்றோர்னித் தத்துவம் எழுதித் தாருங்கள்' என்று அந்த ஆள் கேட்பார். பொது அற்றோர்னித் தத்துவம் கொடுக்காதீர்கள், அதைக் கொண்டு காணியை விற்கக்கூட வழி திறந்துவிடும். மேலே சொன்னபடி நீங்களே வருடத்துக்கு நாலு தடவை வாருங்கள், ஒப்பந்தங்கள் அந்த வருகைகளில் முடியும்படி திகதி வைத்துக்கொண்டு நீங்களே கையெழுத்திடுங்கள்.

அடுத்து, வீடு காலியாகக் கிடக்கும் மாதங்கள். இதைத் தூரத்திலிருந்து கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி மின்சார பில். நாலு பிளாட்டுக்கும் தனி மீட்டர் இருந்து கணக்குகள் உங்கள் பெயரில் இருந்தால், மாதாமாதம் யூனிட்டை ஒரு கொப்பியில் எழுதுங்கள். 'மேல் வீடு காலி, ஆள் தேடுகிறேன்' என்று சொன்ன மாதத்தில் 80, 90 யூனிட் ஓடியிருந்தால் அங்கே யாரோ இருந்திருக்கிறார்கள். நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கும், வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் கிட்டத்தில் வீடு தேடுவார்கள், திருநெல்வேலி பக்கத்திலேயே இருக்கிறது. காலி வீட்டை அந்த நேரம் நாள் வாடகைக்கு விட்டால் உங்களுக்குத் தெரியவராது, மீட்டர்தான் சொல்லும். அந்த பில்லைக் குடியிருப்பவர் கட்டாமல் போனாலும் பாக்கி உங்கள் தலையில்தான், அதனாலும் மாதாமாதம் பாருங்கள்.

திருத்த வேலைக்கு வருவோம். உங்கள் கட்டடத்தில் கிணற்றுத் தண்ணீர் என்று நினைக்கிறேன். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வரும் தண்ணீர் குழாய்களை விட்டுவைக்காது: ஷவர் துவாரம் அடைபடும், வால்வில் படிவு ஏறும், ஹீட்டர் சீக்கிரம் பழுதாகும். இது ஒருவருடைய குற்றமில்லை, வருடா வருடம் வரும் செலவு. ஆனால் மோட்டர் திரும்பத் திரும்ப எரிந்தால் காரணத்தைக் கேளுங்கள். மழைக்கு முந்திய வரட்சி மாதங்களில் கிணற்று நீர் கீழே இறங்கிவிடும், பம் காற்றை இழுத்துக்கொண்டு ஓடிச் சூடாகி எரியும். கிணற்றில் நீர் குறைந்தால் தானாக நிற்கும் சுவிட்ச், மேல் தாங்கி நிறைந்தால் நிற்கும் மிதவைச் சுவிட்ச் இரண்டையும் பூட்டிவிட்டால் அந்த 30 நடையில் ஒரு பங்கு குறையும். அதற்குப் பிறகும் 'மோட்டர் சுற்றக் கொடுத்தேன்' என்று பில் வந்தால், பழைய சுருளின் படமும் கடைப் பற்றுச்சீட்டும் இல்லாமல் பணம் போடாதீர்கள். ஒக்ரோபரில் மழை தொடங்குமுன் ஒரு தடவை ஆளை மொட்டை மாடிக்கு ஏற்றி, தண்ணீர் ஓடும் துவாரங்களைத் துப்புரவாக்கச் சொல்லுங்கள். மேல் பிளாட்டில் ஒழுக்கு வந்தால் பலசமயம் காரணம் அங்கே தேங்கும் தண்ணீர்தான்.

சரி, அவரிடம் என்ன சொல்லலாம்? சதவீதத்துக்குப் பதிலாக நிலையான தொகை பேசுங்கள், பிளாட்டுக்கு மாதம் 1,500 என்று வைத்தால் வருடம் 72,000. அதற்கு மாதம் ஒரு தடவை சுற்றிப் பார்த்துப் படம் அனுப்ப வேண்டும், அவசரத்துக்கு அழைத்தால் போக வேண்டும். 5,000 ரூபாய்க்கு உட்பட்ட திருத்தத்தைக் கேட்காமல் செய்யலாம், அதற்கு மேல் என்றால் உங்களிடம் கேட்டுத்தான். வீடு காட்டுவது அவர், யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிப்பது நீங்கள். வருபவருடன் தொலைபேசியில் நீங்களே பேசுங்கள், வளாகத்திலோ போதனா வைத்தியசாலையிலோ வேலை என்றால் வேலைக் கடிதத்தின் பிரதி வாங்குங்கள்.

இதற்கு அவர் மறுத்தால், கீழ் பிளாட்டில் நீண்ட நாளாக இருக்கும் நம்பிக்கையான குடும்பம் ஒன்றுக்கு வாடகையில் கொஞ்சம் கழித்துக் கொடுத்து இந்த வேலையைக் கேட்டுப் பாருங்கள். பலருக்கு இது நன்றாக ஒத்துவருகிறது, அவர்கள் காலி செய்யும் நாள்வரை. உங்களுக்கு எட்டுப் பத்து வீடு இருந்தாலோ, நீங்கள் கனடாவில் இருந்தாலோ, மாணவர்களுக்கு அறை அறையாக விட்டு அடிக்கடி ஆள் மாறினாலோ நான் 10 சதவீதத்துக்கே சம்மதித்திருப்பேன்.

யாரை வைத்தாலும், அதற்கு முன் அப்பாவோடு உட்கார்ந்து நாலு வீட்டுக் கணக்கையும் எழுதி எடுங்கள்: யாரிடம் எப்போது எவ்வளவு முற்பணம் வாங்கினார், அதில் எத்தனை மாதம் கழிந்தது, திருப்பிக் கொடுக்க வேண்டிய வைப்புப் பணம் தனியாக ஏதும் உண்டா என்று. அதை ஒவ்வொரு குடியிருப்பவருக்கும் காட்டிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.