வாப்பா அரபாவில் நிற்கும்போது நம் வீட்டில் மணி என்ன?

"வாப்பா முதல் முறையாக ஹஜ்ஜுக்குப் போகிறார். எந்த நாளில் எங்கே இருப்பார், எப்போது பேசலாம்? உம்மா இப்போதே கவலைப்படுகிறார்." – ஒரு மகள், பண்டாரவளை

முதலில் வீட்டுக் கலண்டரை ஒதுக்கி வையுங்கள், மகள். ஹஜ் நடப்பது சவூதிப் பிறைக் கணக்கில். 2025இல் அங்கே அரபா நாள் ஜூன் 5. இங்கே பெருநாளோ ஜூன் 7, அரபா நோன்பு அதற்கு முந்திய நாள். ஆகவே நீங்கள் அரபா நோன்பு பிடிக்கும் நாளில் வாப்பா அரபாவை விட்டுப் புறப்பட்டிருக்கக்கூடும். மணியிலும் நாம் இரண்டரை மணித்தியாலம் முன்னே நிற்கிறோம்.

நம்மவர்கள் பெரும்பாலும் செய்வது தமத்துஉ, அதாவது முதலில் உம்ரா, பிறகு தனியாக ஹஜ். நேரே மக்காவுக்குப் போவதென்றால் இஹ்ராம் கட்டவேண்டிய எல்லையைத் தாண்டுமுன் விமானத்திலேயே உம்ராவுக்கு நிய்யத் வைப்பார். தவாபு ஏழு சுற்று, ஸஈ ஏழு ஓட்டம், முடி களைதல். அத்துடன் இஹ்ராம் கழன்று வழமையான உடுப்புக்குத் திரும்புவார். துல்ஹஜ் 8இல் தங்குமிடத்திலேயே ஹஜ்ஜுக்கு மீண்டும் இஹ்ராம் கட்டி மினாவுக்குப் போய் இரவைக் கூடாரத்தில் கழிப்பார்.

ஒன்பதாம் நாள்தான் ஹஜ்ஜின் உயிர். சூரியன் உச்சி சாய்ந்ததிலிருந்து மறையும் வரை அரபாவில் நிற்க வேண்டும். ஜூன் மாதத்தில் அது நமக்குப் பகல் ஏறக்குறைய மூன்று மணியிலிருந்து இரவு ஒன்பதரை வரை. அந்த நேரத்தில் அழைக்காதீர்கள், துஆவில் இருப்பார். வாப்பாவிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: நமிரா பள்ளிவாசலின் முன்பகுதி அரபா எல்லைக்கு வெளியே இருக்கிறது. நான் கூட்டிப்போன ஒரு ஹாஜியார் குளிர்ச்சிக்காக அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அஸருக்கு முன் தேடிப் பிடித்து எல்லைப் பலகைக்கு உள்ளே கொண்டுவந்தோம். மாலை வரை அங்கே இருந்து, இரவிலும் எல்லைக்குள் கால் வைக்காதிருந்தால் அவருடைய ஹஜ்ஜே தவறியிருக்கும். ரஹ்மத் மலையில் ஏறத் தேவையில்லை. எல்லைக்குள் எங்கு நின்றாலும் போதும்.

உம்மா பயப்படப்போவது அந்த இரவுதான். மஃரிபுக்குப் பிறகு இலட்சக்கணக்கானோர் முஸ்தலிபாவுக்கு நகர்வார்கள். பஸ் பல மணித்தியாலம் தாமதிக்கலாம். தொலைபேசியில் பற்றரி தீர்ந்திருக்கும். வாப்பா திறந்த வெளியில் பாய் விரித்து, கடலைப் பருப்பளவு கற்களைப் பொறுக்கிக்கொண்டிருப்பார். உம்மா தைத்துக் கொடுக்கும் சிறு துணிப்பை அங்கே மிகவும் உதவும்: பன்னிரண்டாம் நாளோடு புறப்படுவதென்றால் 49 கற்கள், பதின்மூன்று வரை தங்கினால் 70. மறுநாள் காலைவரை பதில் வராவிட்டாலும் பதற வேண்டாம்.

பத்தாம் நாள் மினாவில் கல்லெறியும் இடங்களில் ஒன்றான பெரிய ஜம்ராவில் ஏழு கல், குர்பான், தலைமுடி களைதல், மக்காவில் தவாபும் ஸஈயும். களைப்பு மிகுந்த நாள் இதுதான். வயதானவர் தவாபை மறுநாளுக்குத் தள்ளினாலும் குறையில்லை. அடுத்த நாட்களில் லுஹருக்குப் பின் மூன்று ஜம்ராக்களுக்கும் ஏழேழு கல். பன்னிரண்டாம் நாள் சூரியன் மறையுமுன் மினாவை விட்டுப் புறப்படாதவர் பதின்மூன்றாம் நாளும் கல்லெறிய வேண்டும். அதனால் அறைக்கு ஒரு நாள் பிந்தி வந்தால் அதைத் தவறென்று நினைக்காதீர்கள்.

விடைபெறும் தவாபு கடைசி வேலை. வாப்பா பெட்டி கட்டி, கடைக்குப் போவதையெல்லாம் முடித்த பிறகே அதைச் செய்யட்டும்.