‘அது’வுக்குள் ஒளிந்திருக்கும் ஒலி: உச்சரிப்புக் கேள்வி-பதில்

சார், தஞ்சாவூர், திருவாரூர் என்று ஆங்கிலத்தில் எழுத டி-ஹெச் போடுகிறோம். ‘தேங்க் யூ’வுக்கும் அதே டி-ஹெச்தான். அப்படியிருக்க ஐ.இ.எல்.டி.எஸ். வகுப்பில் என் தகரம் தப்பு என்கிறார்களே?
*திருவாரூர் கல்லூரி மாணவர்*

ஊர்ப் பெயர்ப் பலகையில்தான் வம்பு ஆரம்பிக்கிறது. டகரத்துக்கு டி, தகரத்துக்கு டி-ஹெச் என்பது நாம் நம் வசதிக்கு வைத்துக்கொண்ட ஏற்பாடு. ஆங்கிலேயர் வாயில் டி-ஹெச் நம் தகரம் அல்ல.

வாய்க்கால் மதகை நினைத்துக்கொள்ளுங்கள். ‘தஞ்சை’ என்னும்போது நாக்கு பல்லில் ஒட்டி, ஷட்டரை முழுக்க இறக்கியதுபோல் காற்றை அடைத்துத் திறக்கிறது. ஆங்கில ஒலியில் ஷட்டர் முழுக்க இறங்குவதே இல்லை. நாக்கு நுனிக்கும் மேல் பல்லுக்கும் நடுவே காற்று கசிந்துகொண்டே இருக்கும். சோதிப்பது சுலபம். அந்த ஒலியை மூன்று நொடி நீட்டிப் பாருங்கள். நீட்ட முடிந்தால் சரி. நீட்ட முடியாமல் வெடித்துவிட்டால் அது நம் தகரம்.

இதில் இரண்டு வகை. ‘தட்’ (அந்த) என்பதில் தொண்டை அதிரும். ‘திங்க்’ (நினை) என்பதில் அதிராது, வெறும் காற்று. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே தகரமாகிவிடுவதுதான் சங்கடம்.

ஆனால் முதல் வகை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ‘அது’, ‘காது’ என்று சாதாரணமாகப் பேசும் வேகத்தில் சொல்லுங்கள். இரண்டு உயிருக்கு நடுவே வரும் அந்தத் தகரம் ‘பத்து’வில் வருவதுபோல் அடைக்காது, நாக்கு லேசாக உரசிப் போகும், தொண்டையும் அதிரும். அதுதான் ‘தட்’டின் முதல் ஒலி.

பயிற்சி இப்படி. தொண்டையில் விரல் வைத்து ‘அது’ சொல்லுங்கள். அடுத்த முறை நடுவில் நாக்கை எடுக்காமல் இரண்டு நொடி நில்லுங்கள். விரலில் அதிர்வு தெரியும். பிறகு நாக்கை அசைக்காமல் குரலை மட்டும் நிறுத்திக் காற்றை விடுங்கள். பஞ்சரான சைக்கிள் டியூப் மாதிரி மெல்லிய சீறல் வரும். அதுதான் ‘திங்க்’கின் முதல் ஒலி. குரல் இருந்தும் இல்லாமலும் மாற்றி மாற்றிப் பத்து முறை செய்யுங்கள். கண்ணாடியில் நாக்கு நுனி கொஞ்சம் தெரிந்தால் போதும். அதை வெளியே நீட்டினால் அடுத்த எழுத்துக்குத் திரும்பி வர நேரமாகும்.

எந்தச் சொல்லில் எது என்று எப்படித் தெரியும்?
*மன்னார்குடி வாசகி*

சொல்லின் முதலில் என்றால், தி, திஸ், தட், தே, தென், தேர் போன்ற சின்ன இணைப்புச் சொற்களில் தொண்டை அதிரும். திங்க், த்ரீ, தர்ஸ்டே போன்ற பொருள் உள்ள சொற்களில் அதிராது. நடுவில், மதர், பிரதர், வெதர் எல்லாம் ‘அது’ ஜாதி. ஆதர் (எழுத்தாளர்), மெத்தட், நத்திங் மூன்றும் விலக்கு. கடைசியில் பெரும்பாலும் வெறும் காற்றுதான்.

நான் நர்ஸ். ஓ.இ.டி. பயிற்சியில் ‘பிரெத்’தும் ‘பிரீத்’தும் ஒன்றுபோல் கேட்கிறது என்கிறார்கள்.
*கும்பகோணம்*

உங்கள் ஒலிப்பதிவைக் கேட்டேன். நோயாளியிடம் ‘டேக் எ டீப் பிரெத், தென் பிரீத் அவுட்’ என்கிறீர்கள். நல்ல வாக்கியம், மூன்று இடத்தில் இந்த ஒலி வருகிறது. மூன்றிலும் ஷட்டர் இறங்குகிறது. போதாக்குறைக்குக் கடைசியில் ஓர் உகரம் ஒட்டி ‘பிரெத்து’, ‘பிரீத்து’ ஆகிறது. நம் வாய்க்கு வல்லின ஒற்றில் முடிக்கப் பிடிக்காது, உங்களை மட்டும் குறை சொல்ல முடியாது.

முதலில் ‘பிரெத்’ (மூச்சு). எகரத்தைச் சட்டென்று முடித்து, காற்றை ஒரு நொடி சீறவிட்டு வாயை அசைக்காமல் நிறுத்துங்கள். உகரம் தானே போய்விடும். அடுத்து ‘பிரீத்’ (மூச்சு விடு). ஈகாரத்தை நன்றாக நீட்டி, கடைசியில் ‘அது’வின் உரசலைத் தொட்டு நிறுத்துங்கள். கேட்பவர் காது பெரும்பாலும் பிடிப்பது அந்த நீட்டலைத்தான். தனித்தனியாக வந்ததும் முழு வாக்கியத்தைச் சொல்லுங்கள். ‘பிரெத், தென்’ சேரும் இடத்தில் நாக்கை எடுக்கவே வேண்டாம்; இருந்த இடத்திலேயே குரலைப் போட்டால் ‘தென்’ வந்துவிடும். தினமும் ஐந்து தடவை செல்போனில் பதிந்து, மறுநாள் காலை கேளுங்கள். அன்றைக்கே கேட்டால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் தோன்றும்.

இது வராவிட்டால் மார்க் போகுமா?
*மயிலாடுதுறை*

ஐ.இ.எல்.டி.எஸ். பேச்சுத் தேர்வில் உச்சரிப்பு நான்கு அளவுகோல்களில் ஒன்று. அதிலும் முக்கியமாகப் பார்ப்பது பேச்சு புரிகிறதா என்பதைத்தான். வெள்ளைக்காரர் மாதிரி பேச வேண்டியதில்லை. ‘தி’யை நம் தகரத்தில் சொன்னால் யாருக்கும் புரியாமல் போகாது. ‘தேர்ட்டி’ (முப்பது) ‘டர்ட்டி’ (அழுக்கு) என்று கேட்கும் இடத்தில்தான் இடிக்கும். பயிற்சி நேரத்தை அப்படிப்பட்ட சொற்களுக்குக் கொடுங்கள். ‘க்ளோத்ஸ்’ (துணிகள்) சொல்லி நாக்கைச் சுளுக்கிக்கொள்ள வேண்டாம். ஆங்கிலேயரே பலர் அதை ‘க்ளோஸ்’ என்றுதான் சொல்கிறார்கள்.