கரண்ட் ரேஷியோ 1.5 இருந்தால் போதுமா?

"ஒரு நூற்பாலையின் கரண்ட் ரேஷியோ 1.5 இருக்கு, லாபமும் காட்டுறாங்க. நம்பலாமா?"

அவசரப்படாதீங்க. எண்களை இப்படி வைத்துக்கொள்வோம்: ஓராண்டுக்குள் பணமாகக்கூடிய நடப்புச் சொத்து 60 லட்சம், ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டியது 40 லட்சம். முதலாவதை இரண்டாவதால் வகுப்பதுதான் கரண்ட் ரேஷியோ, 1.5 சரிதான். ஆனால் அந்த 60-இல் 38 லட்சம் விற்காத நூலும் பஞ்சும். அதைக் கழித்தால் 22/40, வெறும் 0.55. சரக்கு போன வருஷத்தைவிட ஏறி, விற்பனை ஏறவில்லை என்றால் தேங்கிக் கிடக்கிறது என்று சந்தேகப்படலாம்.

கடன் 90 லட்சம், பங்குதாரர் நிதி 60 லட்சம். இந்த ஒன்றரை மடங்கை மட்டும் பார்த்து நான் பயப்பட மாட்டேன். லாப நட்டக் கணக்கைப் புரட்டுவேன். வட்டி, வரிக்கு முந்தைய லாபம் 18 லட்சம், வட்டி 12 லட்சம். லாபம் மூன்றில் ஒரு பங்கு சரிந்தாலே வட்டி கட்டியபின் மிச்சமில்லை. வரி 1.5 லட்சம் போக நிகர லாபம் 4.5 லட்சம், பங்குதாரர் நிதிக்கு 7.5 சதவீதம். இவ்வளவு ரிஸ்க்குக்கு இது கம்மி.